வாக்குப்பெட்டி நேர்மையாக இருந்தால் போதுமா? தேர்தல் எதேச்சாதிகாரத்தை அளப்பது குறித்த கேள்விகளும் பதில்களும்

கிள்ளான் வாசகர்: நான் காப்பார் தொகுதி வாக்காளர். சாவடியில் ஒருநாளும் தில்லுமுல்லு நடந்து பார்த்ததில்லை. அதிகாரிகளும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அப்படியிருக்க, மலேசியாவை எதேச்சாதிகார நாடுகளின் பட்டியலில் எப்படிச் சேர்த்தார்கள்?

உங்கள் அனுபவத்தை ஆய்வாளர்கள் மறுக்கவில்லை. ஸ்டீவன் லெவிட்ஸ்கி, லூகன் வே ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் மலேசியாவைச் சேர்த்தபோது, வாக்குகள் திருடப்பட்டதை முதன்மைக் காரணமாகச் சொல்லவில்லை. எதிர்க்கட்சி உண்மையாகவே போட்டியிடுகிறது, சில இடங்களில் வெல்லவும் செய்கிறது, ஆனால் பணமும் ஊடகமும் சட்டமும் ஆளுங்கட்சியின் பக்கம் நிரந்தரமாகச் சாய்ந்திருக்கின்றன என்பதே அவர்கள் வாதம். தேர்தல் நடந்தும் களம் இப்படிச் சாய்ந்திருக்கும் ஆட்சியையே இங்கே தேர்தல் எதேச்சாதிகாரம் என்கிறோம். ஆகவே வாக்களிப்பு நாளை மட்டும் பார்த்து அவர்கள் முடிவுக்கு வருவதில்லை. ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் எதிர்க்கட்சிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி 2012 வரை ஒவ்வொரு நாளிதழும் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பித்தாக வேண்டியிருந்தது. 1987இல் நடந்த லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் கைதானார்கள். தி ஸ்டார், சின் சியூ, வாதான் ஆகிய மூன்று ஏடுகளின் உரிமம் பறிக்கப்பட்டது. அதன்பின் எந்த ஆசிரியரையும் தினமும் தொலைபேசியில் மிரட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை, ஏனென்றால் உரிமம் புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போது அவரே தம் தலையங்கத்தைத் திருத்திக்கொள்வார். அதோடு உத்துசான் மலேசியா நாளிதழ் ஆளும் தேசிய முன்னணிக் கூட்டணியின் தலைமைக் கட்சியான அம்னோவின் வசமும், தி ஸ்டார் அதன் கூட்டாளியான மலேசியச் சீனர் சங்கத்தின் வசமும் இருந்தன. 2007 நவம்பர் 25ஆம் தேதிப் பேரணிக்குப் பிறகு மலேசிய இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவர், விசாரணையின்றிச் சிறைவைக்க இடம்தந்த இசா சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இவற்றில் எதுவும் சாவடிக்குள் நடக்கவில்லை. ஆனாலும் சாவடிக்கு வரும் வாக்காளர் எதைக் கேள்விப்பட்டிருப்பார், யார் வெளியே இருந்து பிரசாரம் செய்ய முடியும் என்பதை இவையே தீர்மானித்தன.

கிள்ளான் வாசகர் (மீண்டும்): 2013இல் 47 விழுக்காட்டு வாக்கில் தேசிய முன்னணி ஜெயித்ததே, அது ஒன்றே போதிய சான்றில்லையா?

போதாது. அந்தத் தேர்தலில் தேசிய முன்னணி 47.4 விழுக்காடு வாக்குகளோடு 222 இடங்களில் 133ஐப் பெற்றது, 50.9 விழுக்காடு பெற்ற எதிரணியான மக்கள் கூட்டணிக்கு 89 இடங்களே கிடைத்தன. பார்த்தால் அநியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் 2024இல் பிரிட்டனில் தொழிற்கட்சி 33.7 விழுக்காடு வாக்குகளைக் கொண்டு 650 இடங்களில் 411ஐ வென்றது. அதைப் பார்த்து எந்த ஆய்வாளரும் பிரிட்டனை எதேச்சாதிகார நாடு என்று எழுதவில்லை. கூடுதல் வாக்கு பெற்றவரே தொகுதியை வெல்லும் முறை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த இடைவெளி தோன்றும்.

ஆகவே இடைவெளி எவ்வளவு என்பதோடு நில்லாமல், அதை யார் எப்படி உண்டாக்கினார்கள் என்று கேட்க வேண்டும். உங்கள் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 2013இல் காப்பாரில் 1,44,159 வாக்காளர்கள் இருந்தார்கள். அரசு ஊழியர் நகரமான புத்ராஜெயாவில் 15,791 பேர். இரண்டுக்கும் ஆளுக்கொரு உறுப்பினர்தான், அதாவது புத்ராஜெயாவில் ஒருவர் போட்ட வாக்கு காப்பாரின் ஒன்பது வாக்குகளுக்குச் சமம். 1957ஆம் ஆண்டின் அரசமைப்பு தொகுதிகளுக்கிடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு கூடாது என்றது. 1962இல் அந்த வரம்பு தளர்த்தப்பட்டது, 1973இல் அது முற்றிலும் நீக்கப்பட்டது. இரண்டு முறையும் திருத்தியது அதனால் பயனடைந்த ஆட்சியே. எல்லையை வரைபவர் ஆட்டத்தில் ஒரு தரப்பாகவும் இருக்கிறாரா என்பதே சுட்டி, பிரிட்டனில் அப்படியில்லை.

கோவை மாணவி: அளக்கிறார்கள் என்றால் எங்கேயோ ஒரு கோடு போட்டிருக்க வேண்டுமே. அந்தக் கோட்டை எங்கே, எப்படிப் போடுகிறார்கள்?

இப்போது அதிகம் பயன்படுவது ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வி-டெம் நிறுவனத்தின் முறை. அதில் ஒரு கோடு அல்ல, இரண்டு கோடுகள் இருக்கின்றன.

முதல் கோடு தேர்தல் ஜனநாயகத்தை எதேச்சாதிகாரத்திலிருந்து பிரிக்கிறது. வாக்குரிமை, ஆட்சியாளர் தேர்ந்தெடுக்கப்பட்டவரா, தேர்தலின் தூய்மை, சங்கம் சேரும் உரிமை, கருத்துரிமை என ஐந்து கூறுகளுக்குப் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை மதிப்பெண் உண்டு. அவற்றைச் சேர்க்கும் விதம்தான் இங்கே முக்கியம். ஒரு கற்பனை நாட்டைப் பாருங்கள். வாக்குரிமை 1, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி 1, தேர்தல் தூய்மை 0.9, சங்க உரிமை 0.5, கருத்துரிமை 0.4. இவற்றைப் பெருக்கினால் 0.18 வருகிறது. முதலிரண்டுக்கும் எட்டில் ஒரு பங்கும் மற்ற மூன்றுக்கும் நான்கில் ஒரு பங்கும் எடை கொடுத்துக் கூட்டினால் 0.70. வி-டெம் இந்த இரண்டின் சராசரியை எடுக்கிறது: 0.44. கோடு 0.5இல் இருப்பதால் இந்த நாடு தேர்தல் எதேச்சாதிகாரத்தில் விழுகிறது. தேர்தல் தூய்மைக்கு 0.9 வாங்கிய நாடு அது என்பதைக் கவனியுங்கள். கூட்டல் மட்டும் இருந்திருந்தால் தாண்டியிருக்கும். பெருக்கலைச் சேர்த்ததன் நோக்கம், ஒழுங்கான வாக்கு எண்ணிக்கையைக் காட்டி வாயடைப்பை ஈடுகட்ட இயலாது என்பதுதான். வாக்கு எண்ணிக்கையில் பெரிய புகார் எழாத சிங்கப்பூர் இந்த வகைப்பாட்டில் எதேச்சாதிகாரப் பக்கமே நிற்பதற்குக் காரணம் இது.

இரண்டாம் கோடு இன்னும் உயரத்தில் இருக்கிறது. தாராளவாத ஜனநாயகம் எனப்பட வேண்டுமானால் முதல் கோட்டைத் தாண்டியதோடு, நீதிமன்றமும் நாடாளுமன்றமும் ஆட்சியைக் கட்டுப்படுத்துகின்றனவா, சட்டத்தின்முன் எல்லோரும் சமமா என்பவற்றை அளக்கும் தனிக் குறியீட்டில் 0.8ஐயும் தாண்ட வேண்டும். 1988இல் மலேசியாவின் தலைமை நீதிபதி சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டது இந்த இரண்டாம் அளவையில்தான் நேரடியாகப் பதிவாகும். ஆக, ஒரு நாடு தாராளவாத ஜனநாயகம் அல்ல என்பதாலேயே அது எதேச்சாதிகாரம் ஆகிவிடாது. நடுவே பல நாடுகள் இருக்கின்றன, நாளிதழ்கள் இந்த வேறுபாட்டை அடிக்கடி தவறவிடுகின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி: இவ்வளவு கணக்கு எதற்கு? ஆளுங்கட்சி தோற்று, பதவியை விட்டு இறங்கினால் அது ஜனநாயகம். இறங்காவிட்டால் இல்லை. அவ்வளவுதானே?

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதிக்கு வலுவான ஆதரவு உண்டு. ஆடம் ஷெவோர்ஸ்கியும் அவரோடு பணியாற்றியவர்களும் ஏறத்தாழ இந்த விதியையே வைத்தார்கள். யாருடைய கருத்தையும் கேட்காமல் எவரும் சரிபார்க்கலாம் என்பது அதன் பலம். சிக்கல், தோல்வி நேரும் வரை காத்திருக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. போட்ஸ்வானாவில் 1966 முதல் ஒரே கட்சி ஆண்டது. தேர்தல்கள் ஒழுங்காக நடந்தும், தோற்றால் இறங்குமா என்று தெரியாததால் இந்த விதி அந்நாட்டைச் சர்வாதிகாரப் பட்டியலில் வைத்தது. அது பிழையாக இருக்கலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2024 அக்டோபரில் அந்தக் கட்சி தோற்றது, அமைதியாக இறங்கியது. அப்படியானால் முந்தைய 58 ஆண்டுகளையும் ஜனநாயகம் என்று திருத்தி எழுதுவதா?

போட்ஸ்வானாவுக்கு ஆம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மலேசியாவுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. அங்கே 1969 மே தேர்தலில் ஆளும் கூட்டணி பின்னடைவு கண்டது; கலவரம் மூண்டதும் நாடாளுமன்றம் 1971 வரை மூடப்பட்டு விதிகள் மாற்றப்பட்டன. பிறகு 2018 மே 9இல் தேசிய முன்னணி தோற்று இறங்கியது உண்மை. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்புதான் எதிர்க்கட்சியான பெர்சாத்துவின் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, அதன் வேட்பாளர்கள் கூட்டணிக் கட்சியின் சின்னத்தில் நின்றார்கள். தொகுதி எல்லைகள் மார்ச் இறுதியில் மீண்டும் வரையப்பட்டன. வாக்களிப்புக்குப் புதன்கிழமை குறிக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்த பிறகே விடுமுறை அறிவிக்கப்பட்டது. சாய்ந்த களத்திலும் ஆளுங்கட்சி தோற்கலாம்; தோற்றதனால் களம் சமமாக இருந்தது என்று ஆகாது.

மதுரை வாசகர்: தமிழ்நாட்டில் கட்சிகள் எல்லாம் ஒரே தலைவர், ஒரே குடும்பம் என்று நடக்கின்றன. இதுவும் தேர்தல் எதேச்சாதிகாரம்தானே?

நீங்கள் கேட்பது கட்சிக்குள் ஜனநாயகம் இருக்கிறதா என்பது. அது நியாயமான கவலை, ஆனால் இந்த அளவைகள் அதை அளப்பதில்லை. இரும்புப் பிடியோடு நடத்தப்படும் இரண்டு கட்சிகள் ஒன்றையொன்று மாறி மாறித் தோற்கடிக்க முடிகிறதென்றால், போட்டி என்ற கூறு அங்கே உயிரோடு இருக்கிறது.

புள்ளியியல் ஆய்வாளர், சென்னை: வி-டெமின் 2021 அறிக்கையில் இந்தியாவைத் தேர்தல் எதேச்சாதிகாரம் என்றார்கள். ஒரு நாட்டுக்கு ஒரு கேள்விக்கு ஐந்தாறு நிபுணர்கள் போடும் மதிப்பெண்தானே இது? அந்த நிபுணர்களின் மனநிலையைத்தான் அளக்கிறோம் என்று ஏன் கொள்ளக்கூடாது?

இதுதான் இத்துறையில் இன்று சூடாக நடக்கும் விவாதம். ஆண்ட்ரூ லிட்டில், ஆன் மெங் ஆகியோர் 2024இல் வெளியிட்ட கட்டுரை, ஆளுங்கட்சிகள் எத்தனை முறை தோற்கின்றன போன்ற எண்ணிப்பார்க்கக்கூடிய சுட்டிகளை எடுத்தால் உலகளாவிய சரிவுக்கு வலுவான சான்று இல்லை என்றது. வி-டெம் தரப்பின் பதில்: நிபுணர்களுக்குக் கற்பனை நாடுகளின் விவரணைகளைக் கொடுத்து மதிப்பிடச் சொல்லி, யார் கறாராகப் போடுகிறார், யார் தாராளமாகப் போடுகிறார் என்று கண்டறிந்து திருத்துகிறோம், அதைவிட முக்கியமாக, இன்றைய ஆட்சியாளர்கள் எண்ணில் சிக்காத வழிகளையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

திருத்தம் உதவுகிறது என்பது என் மதிப்பீடு, ஆனால் உங்கள் ஐயம் முழுவதையும் அது தீர்க்கவில்லை. ஒருவர் எப்போதும் கறாராக இருப்பதை அதனால் சரிசெய்ய முடியும். எல்லோருமே ஒரே ஆண்டில் ஒரே செய்திகளைப் படித்து ஒருசேரக் கவலைப்பட்டால், அதை உண்மையான சரிவிலிருந்து பிரித்தறிவது கடினம். கோட்டுக்கு அருகில் இருக்கும் நாடுகளில் இது பெயரையே மாற்றிவிடும். எனவே இந்தியாவைப் பொறுத்தவரை நான் பட்டப்பெயரைவிடக் கூறுகளைத் தனித்தனியே பார்க்கச் சொல்வேன். 2024 பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், மார்ச் 21இல், டெல்லி முதல்வர் பதவியிலிருக்கும்போதே கைது செய்யப்பட்டார். அதே தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி 240 இடங்களோடு தனிப்பெரும்பான்மையை இழந்தது. முதலாவது குடிமை உரிமைக் கூறுகளை இறக்கும், இரண்டாவது போட்டியின் பக்கம் சான்றாக நிற்கும். இரண்டுக்கும் எவ்வளவு எடை கொடுப்பது என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். வி-டெம் அதற்குப் பிறகும் தன் வகைப்பாட்டை மாற்றவில்லை. அமெரிக்க ஆய்வு அமைப்பான ஃப்ரீடம் ஹவுஸ் தன் அளவையில் இந்தியாவை ஓரளவு சுதந்திரமான நாடு என்ற நடுப்பிரிவில் 2021 முதல் வைத்திருக்கிறது.