அப்டேட் நோட்ஸ் சப்போர்ட் ஆளுங்களுக்கு புரியற மாதிரி எழுதறது எப்படி? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் சுங்கை சிப்புட் பக்கம். செம்பனை நிறுவை சிலிப்ப போட்டோ புடிச்சு அனுப்புற ஒரு ஆப்புக்கு மொதல்ல போன் எடுத்துகிட்டு இருந்தேன், இப்ப ரிலீஸ் நோட்ஸ் எழுதறேன்.

போன் எடுக்கற அக்கா: டெவலப்பர் "அப்லோட் கியூ மாத்தியாச்சு, பக் ஃபிக்ஸ்" அப்படின்னு ஒரே வரி அனுப்பறாரு தம்பி. இத வச்சு நான் கஸ்டமர்கிட்ட என்னன்னு சொல்றது?

அக்கா, எங்களுக்கும் இதே வரிதான் வந்துச்சு. நான் டெவலப்பர்கிட்ட கேட்டது ஒண்ணுதான், "நாளைக்கு தோட்டத்துல இருந்து ஒருத்தர் போன் பண்ணா என்ன சொல்லி பண்ணுவாரு?" அவரு யோசிச்சு சொன்னாரு, முன்னாடி லைன் இல்லன்னா செவப்பு எழுத்துல எரர் வரும், இனிமே வராது, சிலிப்பு போன்லயே காத்திருந்து லைன் கெடச்சதும் தானா போவும், அதுவரைக்கும் சாம்பல் டிக், போனப்பறம் பச்சை டிக். அப்ப வரப்போற போன் என்ன? "சிலிப்ப போட்டேன், ஆபீஸ்ல வரலங்கறாங்க." அதைத்தான் மொதல் வரியா போட்டேன். கீழ, "டிக் என்ன கலர்னு கேளுங்க. சாம்பலா இருந்தா லைன் உள்ள எடத்துக்கு வந்து ஆப்ப தொறந்து வைக்க சொல்லுங்க, அப்பவும் மாறலன்னா Hantar Semula அமுக்க சொல்லுங்க." பட்டன் பேர மட்டும் ஸ்க்ரீன்ல இருக்கற மாதிரியே எழுதுவேன், நம்மளா தமிழ்ல மாத்தி சொன்னா அவங்க தேடிகிட்டே இருப்பாங்க.

அதுக்கும் மேல, தடிச்ச எழுத்துல இன்னொண்ணு: ஆப்ப அழிச்சிட்டு திரும்ப போட சொல்லாதீங்க. நம்ம வழக்கமா சொல்ற மருந்தே அதுதான இல்லயா, இந்த தடவை அது வெசம். ஆப்ப அழிச்சா சாம்பல் டிக்ல நிக்கற சிலிப்பும் சேந்து போயிரும், போனுக்குள்ளதான இருக்கு அது. செட்டிங்ல போயி டேட்டா க்ளியர் பண்ணாலும் அதே கதிதான். ஒரு பழைய வேலையில இது நோட்ஸ்ல இல்லாம போயி ஒருத்தரோட மூணு நாள் சிலிப்பு காணாம போச்சு, பேப்பர் சிலிப்ப தேடி எடுத்து கிராணி உக்காந்து திரும்ப ஏத்தினாரு.

கோடு எழுதற தம்பி: ப்ளே ஸ்டோர்ல "என்ன புதுசு"ன்னு போடறோமே அதையே சப்போர்ட்டுக்கு அனுப்பினா போதாதா?

வெளிய சொல்ற சேதியும் உள்ள சொல்ற சேதியும் ஒத்துப்போவணும், அது வரைக்கும் நீ சொல்றது சரி. ஆனா ப்ளே ஸ்டோர்ல ஒரு மொழிக்கு 500 எழுத்துதான், அதுவும் கஸ்டமர் படிக்கறதுக்கு. "இது இன்னும் சரியாகல, வந்தா இத கேட்டு எங்களுக்கு அனுப்பு"ங்கறத அங்க போடுவியா?

இன்னொரு சப்போர்ட் ஆளு: அப்டேட் வந்துருச்சு போட்டுக்குங்கன்னு சொன்னோம், பாதி பேரு பட்டனே இல்லன்னு திட்டறாங்க லா.

எல்லாருக்கும் ஒரே நாள்ல விட்டிருக்க மாட்டாங்க. ஆண்ட்ராய்டுல டெவலப்பர் 10 சதவீதம் பேருக்குன்னு வச்சா, மத்தவங்க ப்ளே ஸ்டோர்ல போயி தேடினாலும் புதுசு வராது. ஐபோன்ல வேற மாதிரி: படிப்படியா விட்டா 7 நாள்ல 1 சதவீதத்துல ஆரம்பிச்சு 100க்கு போவும், ஆனா அது தானா அப்டேட் ஆவற போனுக்குத்தான், ஆப் ஸ்டோருக்கு போயி அவரே அமுக்கினா மொத நாளே கெடைக்கும். அதனால நோட்ஸ்ல "இன்னிக்கு எத்தன பேருக்கு போயிருக்கு, பட்டன் இல்லன்னா காத்திருக்க சொல்லு"ன்னு ஒரு வரி வேணும், சதவீதம் ஏற ஏற அந்த வரிய மாத்தணும். போன் வந்ததும் மொத கேள்வி வெர்ஷன் நம்பர். எங்களுக்கு Tetapan உள்ள கடைசி வரியில 4.2.0ன்னு இருக்கும், உங்க ஆப்புல எங்க இருக்குன்னு அதையும் எழுதி வைங்க.

செம்பனை போடற மாமா: என் போன்ல அப்டேட் வரவே மாட்டேங்குது, பழைய போனுதான், ஆண்ட்ராய்டு 7. புதுசு வாங்கணுமாப்பா?

மாமா, நோட்ஸ் எழுதறத பத்தி பேசிகிட்டு இருக்கோம், ஆனா கேட்டது நல்லதாப் போச்சு. புது வெர்ஷனுக்கு ஆண்ட்ராய்டு 8 வேணும்னு வச்சிட்டா 7 உள்ள போனுக்கு அது காட்டாது, கையில இருக்கற பழசு அப்படியே ஓடும். எதுவரைக்கும் ஓடும்ங்கறது உங்க ஆப் நடத்தறவங்க கையில, அவங்க செர்வர்ல பழச நிறுத்தினா நின்னுரும். உடனே வாங்காதீங்க, அவங்கள கேளுங்க. மத்தவங்க பாத்துக்குங்க, "பழைய வெர்ஷன் எந்த தேதி வரைக்கும் ஓடும்"னு நோட்ஸ்ல இல்லன்னா மாமா மாதிரி ஆளுக்கு பதில் சொல்ல முடியாது.

போன் எடுக்கற அக்கா: பிரச்சனைன்னு அப்டேட்ட நிறுத்திட்டா பழசுக்கு திரும்பிரும்ல?

இல்லக்கா. நிறுத்தினா இனிமே புதுசா யாருக்கும் போவாது, வாங்கினவங்க போன்ல அதேதான் இருக்கும், அடுத்த வெர்ஷன் வந்தாத்தான் சரியாவும். அன்னிக்கு நோட்ஸ புதுசா அனுப்பாம, அதே தாளுலயே மேல தேதி போட்டு திருத்துங்க.

கோடு எழுதற தம்பி: ரிலீஸுக்கு முந்தின நாளே நோட்ஸ் கேக்கறீங்க, கடைசி நேரத்துல ஸ்க்ரீன் மாறினா?

மாறத்தான் செய்யும். நான் முந்தின நாள் கேப்பேன், எங்க போஸ், ஸ்க்ரீன் இனிமே மாறாதுன்னு ஆனப்பறம் ரிலீஸ் அன்னிக்கு காலைல குடுத்தா போதும்ங்கறாரு. அக்கா, நீங்க சொல்லுங்க, போன் எடுக்கறது நீங்கதான.

போன் எடுக்கற அக்கா: எனக்கு முந்தின நாளே வேணும், தப்பா இருந்தாலும் பரவால்ல. ஸ்க்ரீன் மாறினா மட்டும் ஒரு போட்டோ அனுப்புங்க.