தீயில்லாமல் ஃபயர் அலாரம் அடித்தால் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: ஃபயர் அலாரம் அடித்தது, போய்ப் பார்த்தால் தீ இல்லை. "தவறான அலாரம், ரீசெட் செய்யப்பட்டது" என்று எழுதினால் போதாதா?

போதாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அடுத்த அலாரத்தை யாராலும் தடுக்க முடியாது.

ரீசெட் பட்டனை அழுத்தும் முன்பே ரிப்போர்ட் தொடங்கிவிட வேண்டும். அலாரம் கொடுத்த டிடெக்டரின் சிவப்பு விளக்கு ரீசெட் செய்யும்வரை எரிந்துகொண்டிருக்கும், செய்ததும் அணைந்துவிடும். ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி எண் உள்ள பேனலில் பதிவு தங்கும். பழைய வகைப் பேனலோ எந்தப் பகுதி என்று மட்டும்தான் சொல்லும். அந்தப் பகுதியிலுள்ள பத்துப் பன்னிரண்டில் எது அடித்தது என்பதற்கு அந்தச் சிவப்பு விளக்குதான் ஒரே சாட்சி. அதனால் தீ இல்லை என்று நேரில் பார்த்து உறுதியான பிறகு ஒலியை மட்டும் நிறுத்துங்கள். விளக்கெரியும் டிடெக்டரைப் படமெடுத்துவிட்டு ரீசெட் செய்யுங்கள்.

அடுத்தது நேரம். பேனலின் கடிகாரம் பல இடங்களில் தப்பாகவே ஓடும். பேனல் திரையையும் ஃபோன் கடிகாரத்தையும் ஒரே படத்தில் எடுத்தால் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிடும். பேனலில் அலாரம் 14:07, கடிகாரம் 6 நிமிடம் பின்தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் இப்படி வரும்: அலாரம் 14:13, காவலர் பேனலுக்கு வந்தது 14:14, டிடெக்டர் இருக்குமிடத்தை அடைந்தது 14:17, சோதனை முடிந்தது 14:31, ரீசெட் 14:34. இங்கே ஆள் போய்ச் சேர 4 நிமிடம். "உடனே சென்றோம்" என்று எழுதினால் இந்தக் கணக்கே வராது. தீயணைப்புத் துறையை அழைத்திருந்தால் அழைத்த நேரமும் அவர்கள் வந்த நேரமும் தனித்தனியாக வேண்டும்.

காரணம் எழுதும்போதுதான் நிறையப் பேர் ஊகிக்கிறார்கள். ஒளி சிதறுவதை வைத்துப் புகையைக் கண்டறியும் டிடெக்டருக்கு நீராவியும் புகை மாதிரிதான். "குளியலறைக் கதவு திறந்திருந்தது, கண்ணாடியில் நீராவி படிந்திருந்தது, டிடெக்டர் கதவிலிருந்து 1 மீட்டரில் உள்ளது" என்று கண்டதை எழுதுங்கள். எதுவும் தென்படவில்லை என்றால் "காரணம் தெரியவில்லை" என்பதே நேர்மையான பதில். அதே டிடெக்டர் திரும்பவும் அடித்தால் உள்ளே தூசியோ பூச்சியோ புகுந்திருக்கிறதா என்று பார்க்க அந்த வரிதான் வழிகாட்டும். நீராவி என்று ஊகித்து எழுதிவிட்டால் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

சோதனையிலும் "எல்லாம் சரி" வேண்டாம். அந்த அறை, பொய்க்கூரைக்கு மேல், பக்கத்து அறைகள், மேல்தளம், மின்பலகை என்று இடம்வாரியாக, யார் பார்த்தார்கள் என்பதோடு குறியுங்கள். ரீசெட்டுக்குப் பின் லிஃப்ட், காற்றோட்ட விசிறி, தானாகத் திறந்து மூடும் கதவுகள் பழைய நிலைக்கு வந்தனவா என்பதும் அதில் வர வேண்டும்.

டிடெக்டரை அணைத்து வைத்திருந்தால் யார், எப்போது அணைத்தார், எப்போது திரும்ப இயக்குவார் என்பதை ரிப்போர்ட்டில் மட்டுமல்ல, பேனல் கதவிலும் எழுதி ஒட்டுங்கள். அணைத்ததை மறந்துவிட்டால், அடுத்த முறை நிஜமாகவே புகை வந்தாலும் அந்த அறையிலிருந்து அலாரம் வராது.