எண்ணாக இருப்பதெல்லாம் சராசரிக்கு உரியதல்ல

கேள்வி: எம்.பி.ஏ. புராஜெக்டுக்காக உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பயிரிடும் 120 விவசாயிகளிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கினேன். கல்லூரி வாசலில் அட்டவணை போட்டுத் தரும் கடையில் கொடுத்தேன். எல்லாக் கேள்விக்கும் மீன் என்கிற சராசரி, எஸ்.டி. என்கிற திட்ட விலக்கம், டி-டெஸ்ட் எல்லாம் போட்டுத் தந்தார்கள். கமிஷன் கடை விலையில் திருப்தியா என்பதற்கு மீன் 2.78 என்று வந்திருக்கிறது. “இது ஆர்டினல் ஆயிற்றே, மீன் எப்படிப் போட்டாய்?” என்று வைவாவில் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: அப்படிக் கேட்டால் கேட்பவர் சொல்வதுதான் சரி. ஆகவே பதில் தேடுவதை விட்டுவிட்டு அட்டவணையை மாற்றுங்கள். நீங்கள் அனுப்பிய தாளில், “சிறிதும் திருப்தியில்லை” என்ற 1-ஐ 42 பேரும், 2-ஐ 21 பேரும், நடுவிலுள்ள 3-ஐ வெறும் 6 பேரும், 4-ஐ 24 பேரும், “மிகவும் திருப்தி” என்ற 5-ஐ 27 பேரும் குறித்திருக்கிறார்கள். அட்டவணை போட்ட கடைக்காரர் 2.78-ஐ மூன்றுக்கு அருகில் என்று கொண்டு, “விவசாயிகள் நடுநிலையாக உள்ளனர்” என்று எழுதிவிட்டார். 120 பேரில் 6 பேர் மட்டுமே சொன்ன ஒன்று, எல்லாருடைய கருத்தாக அச்சேறியிருக்கிறது.

இந்த 1 முதல் 5 வரையிலான எண்கள் வரிசையை மட்டுமே காட்டுகின்றன, ஆர்டினல் என்பது இதுதான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரமும் நான்குக்கும் ஐந்துக்கும் உள்ள தூரமும் சமம் என்று எந்த விவசாயியும் உங்களிடம் சொல்லவில்லை. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வரிசை கலையாமல் 5-க்குப் பதிலாக 10 என்று குறியிட்டுப் பாருங்கள். யாருடைய கருத்தும் மாறவில்லை, ஆனால் சராசரி 2.78-இலிருந்து 3.9-க்குத் தாவிவிடும். இடைநிலை, அதாவது மீடியன், அப்போதும் 2-இலேயே நிற்கும், ஏனெனில் வரிசைப்படி 60-ஆவது ஆளும் 61-ஆவது ஆளும் 2 என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 1946-இல் ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் நான்கு அளவைகளைப் பிரித்ததன் அடிப்படை இதுதான்: குறியீட்டை முறைப்படி மாற்றினாலும் எந்த முடிவு நிலைக்கிறதோ, அதுவே அந்த அளவைக்கு உரியது.

ஆகவே அந்தக் கேள்விக்கு எண்ணிக்கை, சதவீதம், மீடியன் ஆகிய மூன்றையும் கொடுங்கள். கமிஷன் கடைக்குப் போடுகிறவர்களையும் நேரடியாக விற்கிறவர்களையும் ஒப்பிட சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்டை எடுத்துவிட்டு, வரிசையை மட்டும் வைத்து ஒப்பிடும் மான்-விட்னி சோதனையைப் போடுங்கள்.

பாசன வகைக்கு, கிணறு 1, போர்வெல் 2, கண்மாய் 3 என்று குறியிட்டு, சராசரி 1.9 என்று கடையில் போட்டிருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே எண் வெறும் பெயர், அதாவது நாமினல். அதிகம் பேர் சொன்ன வகையையும் சதவீதத்தையும் காட்டி, வேறொரு வகைப்பாட்டோடு தொடர்பு பார்க்க வேண்டுமானால் கை-ஸ்கொயர் போடலாம். இடைவெளி சமமாக இருந்தும் உண்மையான பூஜ்யம் இல்லாத, செல்சியஸ் வெப்பநிலை போன்ற இன்டர்வெல் அளவை உங்கள் தாளில் இல்லவே இல்லை. (40 டிகிரி செல்சியஸ் 20-ஐப் போல இரு மடங்கு வெப்பம் அல்ல; அவற்றை ஃபாரன்ஹீட்டில் எழுதினால் 104, 68 என்று ஆகிவிடும்.) பூ கிலோக் கணக்கும் நிலத்தின் சென்ட் கணக்கும் உண்மையான பூஜ்யம் உடைய ரேஷியோ அளவைகள், அவற்றில் சராசரி, திட்ட விலக்கம், இரு மடங்கு என்ற பேச்சு எல்லாம் செல்லும்.

இந்தக் கடைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவருக்கு அட்டவணை கூடினால்தான் லாபம். SPSS என்ற புள்ளியியல் மென்பொருளில் Measure என்ற பத்தியில் Nominal, Ordinal, Scale என்று மூன்று தேர்வுகள் உண்டு. இன்டர்வெல், ரேஷியோ இரண்டும் Scale-இல் அடங்கும். அதை யாரும் தொடுவதில்லை. சரியாகக் குறித்தாலும், சராசரி கேட்டால் மென்பொருள் தடுக்காமல் போட்டுத்தான் கொடுக்கும். அட்டவணை எத்தனை என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடும் வழிகாட்டிகள் இருக்கும்வரை கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் எல்லாரும் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். விலை, எடை, பணம் தரும் நாள், முன்பணம் என்று கமிஷன் கடை தொடர்பாகவே நீங்கள் கேட்ட எட்டுக் கேள்விகளின் மதிப்பெண்ணைக் கூட்டினால் வரும் மொத்தத்துக்குச் சராசரி போடுவதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள், லைக்கர்ட் அளவுகோல் என்பதே அந்தக் கூட்டுத்தொகைதான். ஆனால் எட்டும் ஒரே விஷயத்தை அளக்க வேண்டும். அதற்குக் கிரான்பாக் ஆல்ஃபா 0.7-க்குக் குறையாமல் இருப்பது வழக்கமான எல்லை. “எடையில் குறைக்கிறார்கள்” போன்ற எதிர்மறைக் கேள்விகளைக் கூட்டும் முன் 6-இலிருந்து கழித்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். உங்கள் கோப்பில் அது திருப்பப்படவில்லை. இந்தச் சலுகை கூட்டுத்தொகைக்கு உண்டு, தனிக் கேள்விக்கு இல்லை.

வருமானத்தை “10,000 வரை, 10,001 முதல் 20,000 வரை” என்று கட்டங்களாகக் கேட்டதால், ரேஷியோவாக இருந்தது வெறும் வரிசையாகிவிட்டது. ரூபாய் சராசரியை இனி அதிலிருந்து துல்லியமாக எடுக்க முடியாது. வினாத்தாளில் கைபேசி எண் வாங்கியிருந்தால், சமர்ப்பிக்கும் முன் கூப்பிட்டுத் தொகையாகவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த அட்டவணையில் சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.