வெல்டிங் செய்யும்போது பாலியஸ்டர் சட்டை ஏன் கூடாது?

"வெல்டிங் பட்டறையில் பாலியஸ்டர் சட்டை போடாதே, காட்டன் போடு என்கிறார்கள். காட்டனும் தீப்பிடிக்கத்தானே செய்யும்?"

பிடிக்கும். ஆனால் உருகாது, அதுதான் வித்தியாசம். பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸிலேயே உருகி, சூடான பசைபோல் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். தெறிக்கும் இரும்புத்துளியின் சூடோ ஆயிரம் டிகிரிக்கும் மேல். கனமான காட்டனில் அது விழுந்தால் பெரும்பாலும் அந்த இடம் கருகி ஓட்டையாகும். தட்டிவிட நேரம் கிடைக்கும்.

பலர் ஏமாறுவது டெரிகாட்டனில். பார்க்கக் காட்டன் மாதிரியே இருக்கும். ஆனால் எரியும்போது உருகிய பாலியஸ்டரைப் பருத்தி நூல் விளக்குத்திரிபோல் பிடித்து வைத்துக்கொள்வதால் தீ சீக்கிரம் அணையாது. சந்தேகமிருந்தால் உள்தையலிலிருந்து துணியின் இழை ஒன்றை உருவி, வெளியே வைத்துக் கொளுத்துங்கள். காட்டன் என்றால் சாம்பல் உதிரும்; கலப்பு என்றால் முனையில் கெட்டியான மணி உருளும்.

தினமும் வெல்டிங் என்றால் தீத்தடுப்பு பூச்சுள்ள காட்டன் வாங்குங்கள். பொறி விலகியதும் தானே அணையும். குளோரின் பிளீச்சில் மட்டும் துவைக்காதீர்கள், பூச்சு கெட்டுவிடும். பனியனும் காட்டனாகவே இருக்கட்டும், அதை யாரும் கவனிப்பதில்லை.