ஒரே பகா எண், உடையும் இரண்டு சாவிகள்

"பல ஆர்எஸ்ஏ பொதுச்சாவிகளில் ஒரே பகா எண் இருந்தால், வெறும் மீ.பொ.வ. கணக்கிலேயே உடைந்துவிடுமாமே, எப்படி?"

ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையில், எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுச்சாவியில் இருப்பது இரண்டு ரகசியப் பகா எண்களின் பெருக்கல்தொகை. அதைத் தனியாகப் பிரிப்பதுதான் கடினம். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண்பதோ பள்ளிக்கூடக் கணக்கு.

11413, 12827 என்ற இரண்டை எடுங்கள். பெரியதில் சிறியது போக 1414. 11413-ஐ அதால் வகுத்தால் மீதி 101. 1414-ஐ 101 மீதியின்றி வகுக்கிறது. பொதுப் பகா எண் 101, மற்றவை 113, 127. இரண்டு சாவிகளும் போயின. ஒரு பிள்ளையை மட்டும் பார்த்தால் யார் வீடென்று தெரியாது. அக்காவையும் தம்பியையும் சேர்த்து நிறுத்தினால் ஜாடை காட்டிக்கொடுத்துவிடும்.

2012-இல் இணையத்தில் திரட்டிய சாவிகளில் ஆயிரக்கணக்கானவை இப்படி உடைந்தன. பல ரவுட்டர்களும் ஃபயர்வால்களும் பவர் போட்டவுடன், சீரற்ற தரவு போதுமான அளவு சேரும் முன்பே சாவியை உருவாக்கியதால், வெவ்வேறு கருவிகளுக்கு ஒரே பகா எண் வந்ததுதான் காரணம்.

4096 பிட் சாவி என்றால் தப்பிக்கலாம் என்பது தவறு. அந்த நீளத்துக்கும் மீ.பொ.வ. நொடிக்குள் கிடைத்துவிடும்.