எக்ஸார் லிங்க்டு லிஸ்ட்: கேள்வி பதில்

கல்லூரி மாணவி: அக்கா, ஒரு நோடில் ஒரே ஒரு லிங்க்தான் இருக்கிறது. அதை வைத்து முன்னாலும் பின்னாலும் எப்படிப் போக முடியும்? மூன்று நாளாக மண்டை காய்கிறது.

காகிதமும் பேனாவும் எடுங்கள். நான்கு நோட்கள், இந்த வரிசையில்: A `0x1000`, B `0x1040`, C `0x1020`, D `0x1060`. ஒவ்வொன்றின் லிங்க்கிலும் இடப்பக்கத்து முகவரியையும் வலப்பக்கத்து முகவரியையும் எக்ஸார் செய்து வைக்கிறோம். ஓரத்தில் பக்கத்து நோட் இல்லாத இடத்துக்குப் பூஜ்யம்.

```
A: 0      ^ 0x1040 = 0x1040
B: 0x1000 ^ 0x1020 = 0x0020
C: 0x1040 ^ 0x1060 = 0x0020
D: 0x1020 ^ 0      = 0x1020
```

B-க்கும் C-க்கும் ஒரே லிங்க் வந்திருக்கிறது பாருங்கள். இதைப் பார்த்துத்தான் எனக்கே முதலில் விஷயம் விளங்கியது. லிங்க்கில் இருப்பது யாருடைய முகவரியும் இல்லை. அது பாதிப் பூட்டு; மீதிப் பாதி, எங்கிருந்து வந்தோம் என்பதில் இருக்கிறது.

A-யிலிருந்து B-க்கு வந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கையில் `0x1000` இருக்கிறது. B-யின் லிங்க் `0x20`. இரண்டையும் எக்ஸார் செய்தால் A-யின் முகவரி கழன்று `0x1020` மிஞ்சும், அதாவது C. அங்கே போனதும் விட்டு வந்த B-யை லிங்க்கோடு சேர்த்தால் `0x1040 ^ 0x20 = 0x1060`, அது D. அங்கே `0x1020 ^ 0x1020` பூஜ்யம், பட்டியல் முடிந்தது.

```c
uintptr_t prev = 0, cur = head;
while (cur) {
    Node *n = (Node *)cur;
    printf("%d\n", n->data);
    uintptr_t next = prev ^ n->link;
    prev = cur;
    cur = next;
}
```

பாய்ண்டர்கள் மேல் நேரடியாக `^` போட்டால் கம்பைலர் விடாது. அதனால்தான் `uintptr_t`.

பெயர் போடாதவர்: பின்னால் வருவதற்குத் தனி ஃபங்ஷன் எழுத வேண்டுமா?

வேண்டாம். `head` இருக்கும் இடத்தில் `tail` கொடுங்கள். `0 ^ 0x1020`, அப்புறம் `0x1060 ^ 0x20`, C, B என்று தானாக வரும். லிஸ்ட்டுக்குத் திசையே தெரியாது. பட்டியலைத் திருப்பிப் போடவும் `head`-ஐயும் `tail`-ஐயும் இடம் மாற்றினால் போதும், ஒரு நோடைக்கூடத் தொட வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆனவர்: நடுவில் இருக்கும் நோடின் பாய்ண்டர் என்னிடம் இருக்கிறது. லிங்க்கில் இரண்டு பக்கமும் இருப்பதால் அங்கிருந்தே இரு பக்கமும் போகலாம்தானே?

இரண்டு பக்கமும் இருப்பது உண்மை. ஆனால் பிரித்தெடுக்க முடியாதபடி கலந்து இருக்கிறது. `0x20` என்ற எண்ணைத் தரக்கூடிய முகவரி ஜோடிகள் கணக்கில்லாமல் உண்டு. ஆகவே நடக்க எப்போதும் அடுத்தடுத்த இரண்டு முகவரிகள் கையில் வேண்டும். ஓரத்தில் தொடங்கும்போது மட்டும் அந்த இரண்டில் ஒன்று பூஜ்யம்.

எக்ஸார் ரசிகர்: இரண்டு மாறிகளை மூன்றாவது இல்லாமல் இடம் மாற்றும் தந்திரம்தானே இது?

இல்லை, அதன் பங்காளி.

இரவில் கேட்பவர்: மேடம், 20 வைத்திருக்கும் நோடை நடக்கும்போதே நீக்கினேன். புரோகிராம் விழவில்லை. ஆனால் 30 இரண்டு தடவை அச்சாகி, அதன் பிறகு குப்பை வருகிறது. நீக்கியதும் `prev = cur` போட்டிருக்கிறேன், அது சரிதானே?

தப்பு அங்கேதான். உங்கள் 20-ஐ B என்றும் 30-ஐ C என்றும் வையுங்கள். B-யை நீக்கும்போது பக்கத்து இருவரையும் திருத்துகிறோம்:

```
A.link ^= B ^ C   →  0x1020
C.link ^= B ^ A   →  0x0060
```

இது வரைக்கும் சரி. இப்போது C-க்குப் போகிறீர்கள். C-யின் இடப்பக்கம் இனி A. நீங்களோ செத்துப்போன B-யை `prev` ஆக வைத்திருக்கிறீர்கள். உங்கள் முகவரிகள் எனக்குத் தெரியாது, மேலே உள்ளவற்றை வைத்தே போடுகிறேன்: `0x1040 ^ 0x60 = 0x1020`. அது C-யே! அதனால் 30 மறுபடி அச்சாகும். அடுத்த அடியில் `0x1020 ^ 0x60 = 0x1040`, விடுவித்துவிட்ட B-க்குள் நுழைகிறீர்கள். அதற்கப்புறம் நடப்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

முகவரிகள் சம இடைவெளியில் இருந்தால் தவறான எக்ஸாரும் ஒரு உண்மையான நோடில் போய் விழக்கூடும். அதனால் புரோகிராம் விழாமலே தப்பாக ஓடும். ஒரே மதிப்பு திரும்ப வந்தால் முதலில் `prev`-ஐச் சந்தேகப்படுங்கள். நீக்கிய அடியில் `prev` அசையக் கூடாது, `cur` மட்டும் நகர வேண்டும்.

என் பழைய வேலையிடத்தில் இதைவிட மோசம். ஒருவர் C-யில் நின்று கொண்டிருந்தார், `prev` ஆக B. வேறொரு ஃபங்ஷன் B-யை நீக்கியது. C பட்டியலில்தான் இருந்தது, ஆனால் அவருடைய நடை கெட்டது. சாதாரண இரட்டை லிஸ்ட்டில் நாம் நிற்கும் நோடை நீக்கினால்தான் வம்பு. இதில் பக்கத்து வீட்டை இடித்தாலும் நம் வீடு விழும்.

ஜாவாக்காரர்: ஜாவாவில் செய்யலாமா?

முகவரியே கைக்கு வராது. அரே எண்களை எக்ஸார் செய்து செய்யலாம். கோ மொழியில் `uintptr`-ல் முகவரியை ஒளித்தால் கார்பேஜ் கலெக்டர் அதை முகவரியாக எண்ணாது. கண் முன்னாலேயே நோடை அள்ளிக்கொண்டு போகும்.

அவசரக்காரர்: நடு நோடிலிருந்து தொடங்க முடியுமா?

மேலே பாருங்கள்.

சர்வர் பக்கம் வேலை பார்ப்பவர்: நோடுக்கு 8 பைட் மிச்சம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் அளந்தேன், ஒரு பைட்கூடக் குறையவில்லை.

சரியாக அளந்திருக்கிறீர்கள். 64 பிட் லினக்ஸில், `int` ஒன்றும் பாய்ண்டர் இரண்டும் உள்ள நோட் 24 பைட், எக்ஸார் நோட் 16 பைட். `glibc`-யின் `malloc` 8 பைட் தலைப்பு சேர்த்து 16-ன் மடங்காக ஏற்றிவிடும். 24+8 என்பது 32. 16+8 என்பது 24, அதுவும் ஏறி 32. மிச்சம் பூஜ்யம். நோட்களை மொத்தமாக ஒரு அரேயில் எடுத்து வைத்தால்தான் அந்த 8 பைட் கைக்கு வரும்.

மைக்ரோகன்ட்ரோலர்காரர்: அது லேப்டாப் கதை. என் ஏவிஆர் சிப்பில் மொத்தமே 2 கேபி ரேம், பாய்ண்டர் 2 பைட். 100 நோடுக்கு லிங்க்குகளில் 400 பைட்டை 200 ஆக்கினேன். இது மிச்சம் இல்லையா?

மிச்சம்தான். ஆனால் 100 நோடுக்குப் பாய்ண்டர் எதற்கு? அரேயில் வைத்தால் 1 பைட் எண் போதும். `prev`, `next` இரண்டையும் தனித்தனியாக வைத்தாலும் அதே 200 பைட். எந்த நோடிலிருந்தும் எந்தப் பக்கமும் போகலாம், நடு நோடையும் நீக்கலாம்.

மைக்ரோகன்ட்ரோலர்காரர்: அந்த எண்களையே எக்ஸார் செய்தால் 100 பைட் ஆகுமே!

ஆகும். 0-ஆம் இடத்தைக் காலியாக விட்டு, "யாரும் இல்லை" என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 100 பைட்டுக்காக நடு நோடைத் தேடாமல் நேரடியாக நீக்கும் வசதியை விடுகிறீர்கள். உங்கள் பட்டியலில் நடுவிலிருந்து நீக்குகிறீர்களா?

மைக்ரோகன்ட்ரோலர்காரர்: டைமர் கியூ மேடம். ரத்து செய்யும்போது நீக்குவேன். தலையிலிருந்து தேடிக்கொண்டு வருகிறேன், 100-தானே.

சர்வர் பக்கம் வேலை பார்ப்பவர்: இன்டரப்ட் உள்ளே 100 அடி நடப்பீர்களா?

மைக்ரோகன்ட்ரோலர்காரர்: இன்டரப்டில் இல்லை, மெயின் லூப்பில்.

அப்படியானால் வேறு கவலை. மெயின் லூப்பில் நடந்துகொண்டிருக்கும்போதே இன்டரப்ட் வந்து நோட் சேர்க்குமா? சேர்த்தால் இரண்டு பக்கத்து லிங்க்குகளும் மாறும், உங்கள் `prev` பழசாகிவிடலாம். நடை முழுக்க இன்டரப்டை அடைத்து வைக்கிறீர்களா?

மைக்ரோகன்ட்ரோலர்காரர்: நீக்கும்போது மட்டும் அடைக்கிறேன். நடக்கும்போது இல்லை. பார்த்துவிட்டு வருகிறேன்.

புதியவர்: இன்டர்வியூவில் கேட்பார்களா? அப்புறம், நடு நோடிலிருந்து போக முடியுமா?

முதல் கேள்வி எனக்குத் தெரியாத துறை. இரண்டாவதற்கு இதோடு மூன்று முறை பதில் சொல்லிவிட்டேன்.