கருத்தடை அறுவைக்குப் பிறகு: கோன், தையல், நக்கும் பழக்கம்

எங்கள் சிப்பிப்பாறைப் பெண் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்து 3 நாள் ஆகிறது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கோனை எப்படி மாட்டினாலும் உருவிப்போட்டுவிடுகிறது. டி-ஷர்ட் போதுமா?

சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நாய்களுக்குத் தலை கழுத்தைவிட அதிகம் அகலமில்லை. அதனால் கோனின் பட்டையை மட்டும் நம்பினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கோனின் உள்விளிம்பில் இருக்கும் வளையங்களில் வழக்கமான காலரைக் கோத்து மாட்டுங்கள். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே 2 விரல் நுழைய வேண்டும்; 3 நுழைந்தால் தளர்வு. அடுத்து நீளத்தைப் பாருங்கள். நீள மூஞ்சி நாய்க்குக் கடையில் 'மீடியம்' என்று கொடுப்பது பெரும்பாலும் குட்டையாக இருக்கும். கோனின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி 2 அங்குலமாவது நீள வேண்டும். கோனுக்குப் பதிலாகக் காற்றடைத்துக் கழுத்தில் மாட்டும் வளையமும் இந்த நாய்களுக்கு உதவாது, உடலை வளைத்து வயிற்றை எட்டிவிடும்.

டி-ஷர்ட் துணைக்குத்தான். துணியின் மேலேயே நக்கும். ஈரத்துணி தையலில் ஒட்டிக்கிடந்தால் புண் ஊறிப்போகும். ஆள் பக்கத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள். நனைந்ததும் மாற்றுங்கள்.

5ஆம் நாள் தையலுக்குக் கீழே மெத்தென்று ஒரு வீக்கம். சீழா?

தொட்டால் வலி காட்டாமல், சூடோ சிவப்போ இல்லாமல், நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடும் நாயென்றால், அது பெரும்பாலும் தோலுக்கடியில் தேங்கிய நீர். அதிகம் துள்ளிக் குதித்தால் இது வரும். பிதுக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது. அப்படிச் செய்தால்தான் கிருமி உள்ளே போகும். சங்கிலியில் மட்டும் நடக்கவிட்டு, சோபா, மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அரிதாக உள்தையல் விட்டுக் குடலோ கொழுப்போ பிதுங்கினாலும் வெளியே இப்படித்தான் தெரியும். எனவே மருத்துவர் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடட்டும்.

இனி காலை, மாலை இருவேளையும் ஒரே வெளிச்சத்தில், நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒரு படம் எடுங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் பிடிபடும். முதல் நாள் இளஞ்சிவப்பு நீர் லேசாகக் கசிவது இயல்பு. வீக்கம் வளர்வது, நாற்றம், மஞ்சள் அல்லது பச்சைக் கசிவு, விளிம்பு பிரிவது, சாப்பிட மறுப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே காட்டுங்கள். ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தாலோ இடைவெளியில் ஏதாவது துருத்தினாலோ, சுத்தமான ஈரத்துணியால் மூடி உடனே கிளம்புங்கள்.

சாப்பிடும்போதும் இரவிலும் கோனைக் கழற்றலாமா?

சாப்பிடும்போது கண்ணெதிரே கழற்றலாம், முடித்ததும் மாட்டிவிடுங்கள். கழற்றாமலே கொடுப்பதென்றால் கோனுக்குள் அடங்கும் சிறிய கிண்ணத்தைச் சற்று உயரத்தில் வையுங்கள். இரவில் கூடவே கூடாது. ஆள் தூங்கும் நேரத்தில்தான் தையல் பிரிகிறது, அதற்குச் சில நிமிடமே போதும். ஒரு வாரமானதும் புண் ஆறும் அரிப்பில் நக்கும் ஆசை கூடும்; "நன்றாகிவிட்டது" என்று பலர் கோனைக் கழற்றுவதும் அப்போதுதான். தையல் பிரிக்கும்வரை, வழக்கமாக 10 முதல் 14 நாள், இருக்கட்டும். கரையும் தையலுக்கும் இதே கணக்குத்தான்.

நக்காமலிருக்க வேப்பெண்ணெய், மஞ்சள் தடவலாமா?

வேண்டாம். புண்ணை ஈரமாக்கும், நாய் அதையும் சேர்த்து நக்கும். மருத்துவர் சொல்லாத எதுவும் தையல்மேல் படக் கூடாது, குளியலும் சேர்த்துத்தான். விடாமல் நக்க முயன்றால் வலி அடங்கவில்லை என்றும் பொருள். வலி மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டிலுள்ள பாராசிட்டமால், இபுபுரூஃபன் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு இவை நஞ்சாகலாம்.